சால்வையின் நடுக்கழுத்துப் புடைப்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே,

முக்கோணச் சால்வைக்கு எங்களிடம் நூல் வாங்கிப் போனவர்களில் சிலர், கழுத்தின் பின்பக்கம் வரும் இடத்தில் மேல் விளிம்பு சின்னதாகப் புடைத்து நிற்கிறது என்றார்கள். குறை நூலில் இல்லை. மேல் நடுவிலிருந்து கீழே பின்னும் சால்வையில் 9 கண்ணிகளை ஊசியில் நேரடியாக ஏற்றினால், இரண்டு பக்கக் கரைகளுக்கும் நடுவில் ஏற்றிய விளிம்பு வெளியே தெரியும். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, அதன் ஓரங்களிலிருந்து கண்ணி எடுத்துத் தொடங்கும் கார்ட்டர் டேப் முறை அதை மறைக்கும்; கரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பட்டையாக ஓடும்.

3 கண்ணி ஏற்றி, 6 வரிசை நிட் மட்டும் போடுங்கள். வரிசையின் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே மட்டும் அதை விட்டுவிடுங்கள். ஓரம் சங்கிலி போலாகிவிட்டால் மேடுகளை எண்ண முடியாது. இப்போது கையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இருக்கும். ஆறாவது வரிசை முடிந்ததும் வழக்கம்போல் மறுபக்கம் திருப்பாதீர்கள். அந்தத் துண்டைக் கடிகாரமுள் போகும் பக்கம் கால்வட்டம் சுழற்றினால், பக்கவாட்டு ஓரம் மேலே வரும். அதில் 3 மேடுகள் இருக்கும். மேட்டுக்கு ஒன்றாக 3 கண்ணி எடுங்கள். இன்னொரு கால்வட்டம் சுழற்றி, முதலில் ஏற்றிய விளிம்பிலிருந்து 3 எடுங்கள். ஆக 9.

அப்புறம் திருப்பி, 3 நிட், 3 பர்ல், 3 நிட். அடுத்த வரிசையில் 3 நிட், யார்ன் ஓவர், 1 நிட், யார்ன் ஓவர், 1 நிட் (இதுதான் நடுக்கண்ணி, ஒரு குறி வளையம் மாட்டுங்கள்), யார்ன் ஓவர், 1 நிட், யார்ன் ஓவர், 3 நிட். ஊசியில் 13 இருக்க வேண்டும். இதன் பிறகு முன்பக்க வரிசை ஒவ்வொன்றிலும் 4 கூடும்.

போன மாதம் ஓர் அக்கா இருபது வரிசை பின்னிவிட்டு வந்தார். வலது சிறகில் டிசைன் சரியாக உட்கார்ந்திருந்தது, இடதில் எப்போதும் ஒரு கண்ணி குறைந்தது. எண்ணிப் பார்த்தால், ஓரத்தில் 2 கண்ணிதான் எடுத்திருக்கிறார். 9க்குப் பதில் 8. முதல் பர்ல் வரிசையிலேயே கவனித்திருந்தால் நடுவில் ஒரு கண்ணி கூட்டிச் சரிசெய்திருக்கலாம். இருபது வரிசைக்குப் பிறகு பிரிப்பதுதான் வழி, பாவம்.

முதல் சில வரிசைகளுக்குச் சால்வை சுருண்டு அசிங்கமாகத்தான் இருக்கும். அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். பத்து வரிசை ஆனதும் மேசையில் விரித்து, மேல் விளிம்பை நேராக வையுங்கள். நடுவில் பள்ளமோ மேடோ இல்லாமல் கரை தொடர்ந்தால் சரி. லேசாக இழுத்தால், ஆரம்ப நூல் வால் இறுக்கமாகத் தெரிகிறதா? அப்படியானால் ஏற்றும்போதே கை இறுகிவிட்டது. அடுத்த தடவை ஒரு அளவு பெரிய ஊசியில் ஏற்றுங்கள்.

ஏற்றிய விளிம்பின் கோடு உள்பக்கம் மெல்லியதாகத் தெரியும். அதுவும் வேண்டாம் என்பவர்கள், வேறு நிற நூலில் தற்காலிகமாகக் கண்ணி ஏற்றி, பிறகு அதைப் பிரித்து 3 கண்ணியை நேரே ஊசிக்கு மாற்றலாம். மெல்லிய நூலுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். தடித்த நூலானால் செய்யலாம்.

ஒன்பது வராவிட்டால் ஊசியோடு அப்படியே கடைக்கு எடுத்து வாருங்கள், பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நூல் கடை