பி.பி.எஃப். தவணையை ஏப்ரலில் கட்டுவதா, மார்ச்சில் கட்டுவதா?

அன்புடையீர், வணக்கம்.

வருமான வரிக் கணக்குக்காக எங்கள் அலுவலகத்துக்கு வரும் உங்களில் பலர், பொது வருங்கால வைப்பு நிதிக்கான தொகையை மார்ச் கடைசி வாரத்தில் கட்டுகிறீர்கள். வரிச் சலுகைக்கு அது போதும். ஆனால் வட்டியில் ஏற்படும் இழப்பு உங்கள் கண்ணில் படாமலே போகிறது என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் கட்டும் சமத் தவணைகளைச் சாதாரண ஆனுவிட்டி என்றும், தொடக்கத்திலேயே கட்டுவதை ஆனுவிட்டி டியூ என்றும் நிதிக் கணிதத்தில் குறிப்பிடுவார்கள். இருவர் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வீதம் 15 தவணை கட்டுவதாகவும், வட்டி 7.1 சதவீதமாகவே நீடிப்பதாகவும் கொள்வோம். முதலாமவர் ஏப்ரல் 2 அன்றும், இரண்டாமவர் அதே நிதியாண்டின் மார்ச் 31 அன்றும் கட்டுகிறார்கள். பதினைந்தாம் ஆண்டு முடிவில் முதலாமவர் கணக்கில் ஏறத்தாழ 40,68,209 ரூபாயும், இரண்டாமவர் கணக்கில் 37,98,515 ரூபாயும் இருக்கும்.

இரண்டாமவர் மார்ச் 31இல் கட்டும் முதல் தவணையும், முதலாமவர் இரண்டு நாள் கழித்துக் கட்டும் இரண்டாம் தவணையும் ஒரே ஏப்ரலிலிருந்துதான் வட்டி பெறத் தொடங்குகின்றன. இப்படியே 14 தவணைகளை இணை சேர்த்துக் கழித்துவிட்டால், முதலாமவரின் முதல் தவணையும் இரண்டாமவரின் கடைசித் தவணையும் மட்டுமே எஞ்சும். முன்னது 15 ஆண்டு வட்டியோடு சுமார் 4,19,695 ரூபாயாக வளர்ந்திருக்கும். பின்னது அன்றுதான் கட்டிய 1,50,000 ரூபாயாகவே இருக்கும். வித்தியாசமான ஏறத்தாழ 2,69,695 ரூபாய் முழுவதும் இந்த இரண்டு தவணைகளிலிருந்தே வருகிறது. சூத்திரப்படி பார்த்தாலும், ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு வட்டி கூடுவதால், இரண்டாமவர் தொகையை 1.071ஆல் பெருக்கினால் முதலாமவர் தொகை கிடைக்கும்.

இத்திட்டத்தில் ஒரு மாதத்தின் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்கே அம்மாத வட்டி உண்டு. மாதம் 12,500 ரூபாய் கட்டுபவர் 6ஆம் தேதி கட்டினால், அந்தத் தவணைக்கு அம்மாத வட்டியாகிய சுமார் 74 ரூபாய் கிடைக்காது. ஆகவே பணம் எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்பதைப் பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 2,69,695 ரூபாய் முழுவதும் இலாபம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பணம் மார்ச் வரை சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் அங்கும் சிறிது வட்டி ஈட்டியிருக்கும். அதைக் கழித்தே பார்க்க வேண்டும். 7.1 சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கடன் வாங்கி ஏப்ரலில் கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பணம் கையில் இருப்பவர்கள் மட்டும் வரும் தவணையை ஏப்ரல் 5க்குள் கட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வரி ஆலோசனை அலுவலகத்தார்