நிகழாத தரையிறக்கங்களுக்காக ஒரு கோப்பை

வணிக விமானி உரிமம் பெற்றிருக்கும் இளம் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டமளிப்பு விருந்தின் முடிவில் என்னை எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். உங்களில் சிலருக்கும் எனக்கும் மறுநாள் காலை பறக்க வேண்டியிருந்தது. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மதுவைத் தொடக்கூடாது என்பது விதியாதலால், சாத்துக்குடிச் சாறு நிறைந்த கோப்பையை உயர்த்தி, "நிகழாத தரையிறக்கங்களுக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பலர் சிரித்தீர்கள். கிழவர் ஏதோ புதிர் போடுகிறார் என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். உணவு ஆறிக்கொண்டிருந்த மேசையில் விளக்கிச் சொல்ல இயலாததை இந்த மடலில் எழுதுகிறேன்.

ஏறத்தாழ 200 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு நீங்கள் விமான நிறுவனங்களுக்குள் நுழைவீர்கள். முதல் சில ஆண்டுகள் உங்கள் இடம் துணை விமானியின் வலது இருக்கை. இடது இருக்கையில் உங்களைப்போல் முப்பது, நாற்பது மடங்கு மணிக்கணக்கு உடைய கேப்டன் அமர்ந்திருப்பார். பாதிப் பயணங்களில் விமானத்தை அவர்தான் ஓட்டுவார். நீங்கள் கருவிகளைப் பார்த்துக்கொண்டும், வானொலியில் பேசிக்கொண்டும், சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள். அந்த வேளையில் உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய மிக முக்கியமான சொல் 'கோ அரவுண்ட்'. இறங்குவதைக் கைவிட்டு, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மறுபடி மேலேறிச் சுற்றி வருவது. பயிற்சிப் பள்ளியில் அதைக் கையால் செய்யக் கற்றுக்கொண்டீர்கள். வாயால் சொல்வது வேறு கலை. அதை எந்தப் பள்ளியும் போதிய அளவு கற்றுத்தருவதில்லை என்பது என் மனக்குறை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானத்தின் விசாரணை அறிக்கையை நீங்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். 166 பேரில் 158 பேர் இறந்த விபத்து அது. குன்றின் தலையைச் சமன்செய்து போட்ட மேசைமேட்டு ஓடுபாதை, ஆகவே விமானம் பள்ளத்தில் விழுந்தது என்றுதான் வெளியார் நினைவில் அது நின்றிருக்கிறது. ஆனால் அன்று ஓடுபாதையின் நீளம் போதாமலில்லை. அறிக்கையின் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

அன்று மங்களூரின் ரேடார் பராமரிப்பில் இருந்ததால், வழக்கத்தைவிட ஓடுபாதைக்கு நெருங்கிய பிறகே கீழிறங்க அனுமதி கிடைத்தது. கேப்டன் பயணத்தின் பெரும்பகுதியில் உறங்கியிருந்தார். ஒலிப்பதிவில் அதற்குச் சான்று இருக்கிறது. தாமதமாகத் தொடங்கிய இறக்கத்தை இருவரும் சரியாகத் திட்டமிடவில்லை. சக்கரங்களை முன்கூட்டியே இறக்கியும், இறக்கை மேல்தட்டுகளை விரித்தும் உயரத்தைக் குறைக்க முயன்றும், ஓடுபாதைக்கு 2.5 கடல்மைல் தூரம் இருக்கையில் விமானம் இருக்கவேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கில் இருந்தது. மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல்மைலுக்குச் சுமார் 300 அடி என்ற கணக்கு உங்களுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கில் அங்கே சுமார் 750 அடிதான் இருந்திருக்க வேண்டும். அதைச் சரிக்கட்ட, கேப்டன் தானியங்கியைத் துண்டித்து மூக்கைத் தாழ்த்தினார். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 4,000 அடியை நெருங்கியது. அந்தக் கட்டத்தில் இயல்பான அளவு 700 அடி சொச்சம்.

ஓடுபாதையின் முனையை 50 அடி உயரத்தில், 144 நாட் வேகத்தில் கடந்திருக்க வேண்டும். கடந்ததோ ஏறக்குறைய 200 அடியில், 160 நாட்டுக்கும் மேல். இந்த இரண்டு எண்களோடு சற்று நேரம் உட்காருங்கள், ஒரு தாளை எடுத்துக்கொண்டு. மிகையான அந்த 150 அடி, மூன்று பாகைச் சரிவில் இறங்கித் தீர ஏறக்குறைய 2,850 அடி ஓடுபாதையைத் தின்றுவிடும். வழக்கமாகத் தொடவேண்டிய இடம் முனையிலிருந்து 1,000 அடி சுமார் என்றால், இப்போதே 3,850 அடியாகிவிட்டது. மிகையான வேகத்தில் விமானம் தரையைத் தொட மறுத்து மிதக்கும். 160 நாட் வேகத்தில் ஒவ்வொரு விநாடியும் 270 அடி. ஐந்து விநாடி மிதந்தால் இன்னும் 1,350 அடி. கூட்டினால் 5,200. அறிக்கையில் விமானத்தின் சக்கரங்கள் இறுதியாகத் தரையில் பதிந்த இடமும் முனையிலிருந்து சுமார் 5,200 அடிதான். என்னுடைய கணக்கு தோராயமானது; ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுபாதை எங்கே போகிறது என்பதை அது காட்டும். 8,033 அடி ஓடுபாதையில் எஞ்சியது 2,800 அடி. வேகம் 144-லிருந்து 160 ஆனால் கூடுதல் 11 சதவீதம்தான். பிரேக் கரைக்கவேண்டிய ஆற்றலோ 23 சதவீதம் கூடிவிடுகிறது.

துணை விமானி சும்மா இருக்கவில்லை. மூன்று முறை கோ அரவுண்ட் என்று அழைத்தார். தரை அண்மை எச்சரிக்கைக் கருவியும் இறங்கும் வேகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தது. கேப்டன் தொடர்ந்தார். தொட்ட பிறகு, விமானத்தை நிறுத்த உதவும் எஞ்சின் எதிர்விசையை இழுத்துவிட்டு, பின்பு அதை மடக்கி மேலேற முயன்றார். எதிர்விசையை இழுத்த பிறகு நிற்பது ஒன்றே வழி என்ற விதி, இரு மனமாக இருப்பதற்கு ஓடுபாதையில் இடமில்லை என்பதால் எழுதப்பட்டது. நான் மறுபடி மறுபடி வாசிப்பது, பங்களித்த காரணங்களுள் ஒன்றாக விசாரணைக் குழு எழுதியிருக்கும் வாக்கியத்தைத்தான். கோ அரவுண்டைத் தொடங்கத் துணை விமானிக்கு உள்ள அதிகாரம் பற்றிப் பல்வேறு அறிவுறுத்தல்களில் தெளிவின்மை இருந்திருக்கக்கூடும். ஆகவே அவர் பலமுறை அழைத்தும் கட்டுப்பாட்டைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அதன் சாரம்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில், மழையில், பின்காற்றோடு இறங்கிய விமானம் 8,858 அடி ஓடுபாதையில் பாதி தூரம் தாண்டித் தொட்டது. 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அதில் அடக்கம். அங்கும் வலப்பக்கத்திலிருந்து கோ அரவுண்ட் என்ற குரல் வந்தது. அங்கும் விமானம் இறங்கியது.

இறந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. நானும் அந்த வலது இருக்கையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். துணை விமானியாகி ஓராண்டுகூட ஆகாத ஒரு மழைக்காலம். இரட்டை எஞ்சின் டர்போப்ராப் விமானம். பக்கத்தில் என் தந்தை வயதுக் கேப்டன். 500 அடியில் வேகம் இருக்கவேண்டியதைவிட 18 நாட் அதிகம். "சார், ஸ்பீடு" என்றேன். தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். அது பதிலே அல்ல என்பதை இன்று அறிவேன். ஓடுபாதையின் வெள்ளைக் குறிகள் கீழே நழுவிப் போயின. தொட்டு, பிரேக் பிடித்து நிற்கையில் ஓரவிளக்குகள் மஞ்சளாகி நெடுந்தூரம் ஆகியிருந்தது. ஓரவிளக்கு மஞ்சளாவது கடைசி 600 மீட்டரில். "ரன்வே ஈரம்" என்று மட்டும் சொன்னார், பிறகு தேநீர் கிடைக்குமா என்று கேட்டார். என் வலது கை முழங்காலில் பதிந்தே இருந்ததைக் கதவு திறந்த பிறகுதான் கவனித்தேன்.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது ஒரு சொல்முறை. கருவிகளை நம்பிப் பறக்கவேண்டிய வானிலையில் 1,000 அடியும், கண்பார்வை வானிலையில் 500 அடியும் வாசல்கள். அந்த வாசலில் வேகம், இறங்கும் வேகம், ஃபிளாப், சக்கரம், எஞ்சின் விசை, பட்டியல் ஆகிய எல்லாம் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும், சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். "சார், கொஞ்சம் வேகமா இருக்கோமோ?" என்று கேட்டால், அவர் காதில் அது உரையாடலாக விழும், மனம் ஓடுபாதையில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு உரையாடல் எட்டாது. "வேகம் 18 அதிகம்" என்று எண்ணைச் சொல்லுங்கள். வாசலில் சரியில்லையெனில், "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்று சொல்லுங்கள். 'சார்' வேண்டாம், மரியாதை அந்த ஒரு வாக்கியத்தில் குறைந்தால் குறையட்டும். இருமுறை தெளிவாக அழைத்தும் பதில் இல்லையெனில், அவர் செயலிழந்தவராகக் கருதி, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி எடுத்துக்கொள்வதே நடைமுறை. அந்த நடைமுறை எழுத்தில் எப்படி இருக்கிறது, எந்த உயரம் வரை என்பதை உங்கள் நிறுவனத்தின் கையேட்டில் முதல் வாரமே தேடிப் படியுங்கள்; மங்களூரின் துணை விமானிக்குத் தெளிவாக இல்லாதது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். கட்டுப்பாட்டைப் பறிப்பது தரையையொட்டிச் செய்தால் அதுவே ஆபத்தாகும் என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் 1,000 அடியில் வாய் திறக்கச் சொல்கிறேன். 50 அடியில் அல்ல.

இடது இருக்கைக்கு வந்த பிறகு நான் செய்த ஒரே மாற்றம், புறப்படும் முன் நடக்கும் கலந்துரையாடலில் ஒரு வாக்கியம் சேர்த்ததுதான்: "நீ கோ அரவுண்ட் என்றால் நான் போவேன், காரணத்தைத் தரையில் பேசுவோம்." மூன்று மாதமே பணியில் இருந்த ஒரு பெண் அதை நம்பி ஒரு மாலை 400 அடியில் அழைத்தார். பின்காற்று திடீரென ஏறியதை நான் கவனிக்கவில்லை. விசையைத் தள்ளினேன், மூக்கை உயர்த்தினேன், அவர் ஃபிளாப்பை ஒரு படி சுருக்கினார், ஏற்றம் உறுதியான பின் சக்கரங்களை உள்ளே இழுத்தார். சுற்றிவந்து இறங்கப் பதினைந்து நிமிடமும் சில நூறு கிலோ எரிபொருளும் ஆயின. இறங்கிய பின் அவர் குரல் சற்று நடுங்கியது, 'தப்பாச் சொல்லிட்டேனா?' என்று கேட்டார். காற்றுமானியின் பதிவை இருவரும் பார்த்தோம்.

விருந்து முடிந்து கார் நிற்குமிடத்தில், உங்களில் ஒருவர் என்னைத் தனியாகப் பிடித்து, "கேப்டன் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, சார்?" என்று கேட்டார். சிலர் கோபிக்கத்தான் செய்வார்கள். கோபத்தோடேயே அவர் விசையைத் தள்ளுவார். நீங்கள் ஃபிளாப்பைச் சுருக்கி, சக்கரத்தை உள்ளே இழுத்து, கட்டுப்பாட்டு அறைக்கு "கோயிங் அரவுண்ட்" என்று தெரிவிப்பீர்கள். இரண்டாம் முறை இறங்குகையில் 1,000 அடியில் மறுபடி வேகத்தைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் விருந்தில் சாத்துக்குடிச் சாறு குடித்த கேப்டன்