உலையை அணைத்தால் சூடு அணையாது, ஆசிரியரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அணுமின் நிலையங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "கேஸ் அடுப்பை அணைப்பதுபோல உலையை அணைத்துவிடுகிறார்கள், அத்துடன் ஆபத்து முடிந்தது." அதோடு விட்டிருந்தால்கூட பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போயிருப்பேன். அடுத்த வரியில், அணைத்த பிறகும் நாள்கணக்கில் பம்புகளை ஓடவிடுவது பொதுப்பணத்தில் வீண் மின்செலவு என்று ஒரு கணக்குப்பிள்ளை தீர்ப்பு வேறு. டெல்லியில் உங்கள் பத்திரிகை எங்கள் கைக்கு வருவதே நாலு நாள் கழித்து, அதற்கும் சந்தா முழுசாகக் கட்டுகிறேன், அதில் படிக்கக் கிடைப்பது இது.

நான் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் வீண்செலவு என்று எழுதிய அந்தப் பம்புகளுக்குக் காவல் உட்கார்ந்துதான் பல தீபாவளிகளைக் கழித்திருக்கிறேன். இதே கேள்வியை எங்கள் நிலையத்துக்குத் தணிக்கைக்கு வந்த ஒருவரும் கேட்டார், "நின்றுபோன உலைக்கு எதற்கு சார் கரண்ட்?" என்று. அவரைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப்போய், உலையை நிறுத்தி நாலு நாள் ஆன பிறகும் குளிர்விக்கும் நீர் ஒரு சூட்டில் உள்ளே போய் அதைவிட அதிகச் சூட்டில் வெளியே வருவதை மீட்டரில் காட்டினேன். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது சொல்லுங்கள் என்றேன். அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். உங்களை அப்படிக் கூட்டிப்போக முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

உலைக்குள் யுரேனியம் அணு பிளக்கும்போது இரண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுகள் சும்மா இருப்பதில்லை. பீட்டா, காமா கதிர்களை வெளிவிட்டு வேறொன்றாக மாறும், அதுவும் நிலைக்காமல் இன்னொன்றாக மாறும், ஒவ்வொரு மாற்றத்திலும் சூடு வரும். நிறுத்தும் தண்டுகளை இறக்கினால் அணுவைப் பிளக்கவைக்கும் நியூட்ரான்கள் பிடிபட்டுப் புதிதாக எதுவும் பிளக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே பிளந்து கிடக்கும் துண்டுகள் மாறுவதை எந்தத் தண்டும் நிறுத்தாது, எந்தப் பொத்தானும் நிறுத்தாது. உலை நின்ற அந்தக் கணத்தில் இந்தச் சூடு முழுச் சக்தியில் ஆறு, ஆறரை சதவீதம் இருக்கும்.

அப்புறம் அது எப்படிக் குறைகிறது என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள், உங்கள் கட்டுரையாளரும். அந்தத் துண்டுகள் ஒரே வகை அல்ல, நூற்றுக்கணக்கான வகை. சிலதன் அரை ஆயுள், அதாவது பாதி மாறித் தீர ஆகும் நேரம், சில விநாடி, சிலதுக்கு நிமிடங்கள், அயோடின் 131-க்கு எட்டு நாள், சீசியம் 137-க்கு முப்பது வருடம். அவசரக்காரர்கள் முதலில் தீர்ந்துபோவார்கள், மெதுவானவர்கள் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்த உலை என்றால், தோராயமாக, நிறுத்தியதிலிருந்து கணக்கிட்டால் அரை நிமிடத்தில் சூடு பாதியாகும். அதில் பாதியாகப் பத்து நிமிடம். அதிலும் பாதியாக மூன்று, மூன்றரை மணிநேரம். அதற்கடுத்த பாதிக்கு ஏறக்குறைய இரண்டு நாள். அதற்கும் அடுத்த பாதிக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்து வேகத்தைப் பார்த்துவிட்டு "இதே கதியில் போனால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும்" என்று நினைப்பவன் மாட்டிக்கொள்வான்.

வெறும் சதவீதமாகச் சொன்னால் உங்கள் வாசகர்களுக்கு அலுக்கும், நம்ம ஊர்க் கதையாகவே சொல்கிறேன். டெல்லியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் கங்கைக் கரையில் இருக்கிறது நரோரா. (பழைய பாக்கி ஒன்று: சில வருடங்களுக்கு முன் ஒரு அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தின் படத்தைப் போட்டு "வானை மறைக்கும் அணுப் புகை" என்று தலைப்புக் கொடுத்தீர்கள். அது தண்ணீர் ஆவி என்று எழுதிப்போட்டேன். பதில் இன்னும் வரவில்லை.)

1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி சுமாருக்கு நரோராவின் முதல் யூனிட்டில் டர்பைனின் கடைசி வரிசை பிளேடு இரண்டு உடைந்தது. டர்பைன் தடதடவென்று ஆட, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. பணியில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கட்டுரைப்படி கதை இங்கே சுபம்.

நடந்ததோ வேறு. தீ கேபிள்களைப் பிடித்தது. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும் கேபிள் கருகியதால் மின்சாரம் பம்புகளுக்குப் போய்ச் சேரவில்லை. கண்ட்ரோல் ரூமில் புகை புகுந்து அங்கே நிற்க முடியாமல் ஆட்கள் வெளியேற வேண்டியிருந்தது. அந்த யூனிட்டில் சுமார் பதினேழு மணிநேரம் மின்சாரமே இல்லை.

இப்போது கணக்குப் போடுவோம். அந்த உலை 220 மெகாவாட் மின்சாரம் தருவது, அதற்கு உலைக்குள் உண்டாகும் வெப்பம் சுமார் 750 மெகாவாட். நிறுத்திய கணத்தில் மிச்சச் சூடு ஐம்பது மெகாவாட் பக்கம், பத்து நிமிடத்தில் பன்னிரண்டு, மூன்றரை மணிநேரத்தில் ஆறு. பதினேழு மணிநேரம் முடிந்து மின்சாரம் திரும்பும்போதும் நாலு மெகாவாட். நாலு மெகாவாட் என்றால் சாதாரண வெப்பநிலையில் உள்ள தண்ணீரை மணிக்கு ஐந்தரை டன் வீதம் ஆவியாக்கிவிடும். இரண்டு நாள் கழித்து மூன்று மெகாவாட், அப்போதும் ஒரு நாளைக்கு நூறு டன் தண்ணீர் தேவை. டெல்லிக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் தினமும் பத்து வர வேண்டும், ஒன்றுகூடத் தவறாமல்.

பம்பே ஓடாமல் அந்தப் பதினேழு மணிநேரம் எரிபொருள் எப்படித் தப்பியது? அந்த வகை உலையில் பாய்லர்கள் உலையைவிட உயரத்தில் இருக்கின்றன. உலையைக் குளிர்விக்க ஓடுவது கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர். உலைக்குள் சூடானதும் அது தானாக மேலே ஏறும், பாய்லரில் சூட்டைக் கொடுத்துக் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், மறுபடி ஏறும். மோட்டார் வேண்டாம். ஆனால் இது ஓட வேண்டுமானால் பாய்லரின் மறுபக்கத்தில் சாதாரணத் தண்ணீர் இருந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் கொதித்து ஆவியாகிச் சூட்டை வெளியே கொண்டுபோகிறது. பாய்லரில் இருந்த தண்ணீர் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் தீயணைக்க வைத்திருந்த டீசல் பம்புகளை ஓடவிட்டு அந்தத் தண்ணீரையே பாய்லர்களுக்குள் செலுத்தினார்கள். தீயணைப்புப் பம்பின் அழுத்தம் குறைவு, பாய்லருக்குள் இருக்கும் நீராவியின் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. நீராவியை வெளியே விட்டு அழுத்தத்தை இறக்கினால்தான் இந்தத் தண்ணீர் உள்ளே போகும். இன்னும் சிலர் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப்போய், உலை மறுபடி உயிர்பெறாமலிருக்க நியூட்ரான்களை விழுங்கும் போரான் கரைசலைக் கையால் வால்வு திறந்து விட்டார்கள். எரிபொருள் சேதமாகவில்லை, கதிர்வீச்சு வெளியே வரவில்லை. அந்த இரவைப் பற்றி உங்கள் பத்திரிகையில் இதுவரை ஒரு பத்தி பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ராசிபலனுக்கு மாத்திரம் இதழுக்கு மூன்று பக்கம்.

"சரி, ஒரு நாள் தாண்டிவிட்டால் போதுமே" என்பீர்கள். ஃபுகுஷிமா இரண்டாம் யூனிட்டைப் பாருங்கள். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததுமே உலை ஒழுங்காக நின்றது, அதில் குறையே இல்லை. சுனாமி மின்சாரத்தை அடித்துக்கொண்டு போன பிறகும், உலையின் நீராவியாலேயே சுழலும் ஒரு பம்பு ஏறக்குறைய மூன்று நாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. 14-ஆம் தேதி மதியம்தான் அது கைவிட்டது. மூன்று நாள் ஆறிய உலை! முழுச் சக்தியில் மூன்றில் ஒரு சதவீதம்தான் மிச்சம். ஆனால் அது 2,381 மெகாவாட் வெப்ப உலை, ஆக மிச்சமே எட்டு மெகாவாட். மணிக்கு பதினோரு டன் தண்ணீர் கேட்கும் சூடு. தண்ணீர் நின்றது, அன்று இரவே எரிபொருள் உருகத் தொடங்கியது. சின்னச் சதவீதம் என்று எழுதுகிறவர்கள் எதன் சதவீதம் என்று பார்ப்பதில்லை.

இதை எழுதுவதால் என்னை அணுசக்தியின் எதிரி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். கூடங்குளம் போராட்டம் நடந்த சமயத்தில் இரண்டு தரப்பிலிருந்தும் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது, இருபுறமும் அரைகுறையாகத்தான் பேசினார்கள், நீங்களும் இரண்டையும் அப்படியே அச்சடித்தீர்கள். உலையை நிறுத்த ஒரு ஏற்பாடு, நிறுத்திய பிறகு சூட்டை வெளியேற்ற வேறொரு ஏற்பாடு, இரண்டும் வேறுவேறு. முதலாவது விநாடிகளில் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு நாள்கணக்கில் தண்ணீர், அதைத் தள்ள ஏதாவது ஒரு சக்தி, கடைசியில் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம், இந்த மூன்றும் ஒன்றுவிடாமல் வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் அலுவலகத்தில் பொறியியல் படித்தவர்கள் இருப்பார்கள்தானே. அச்சுக்குப் போகுமுன் அவர்களில் ஒருவர் கண்ணில் காட்டியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "உலையை நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் குளிர்விக்க வேண்டும், அது வீண்செலவு அல்ல" என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், இடமில்லை என்று சுருக்க நேர்ந்தால், நரோரா கணக்கை மட்டும் வெட்டாதீர்கள், ராசிபலன் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். சந்தாவை மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும், படிவத்தை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிஃப்ட் இன்ஜினியர்,
மயூர் விஹார், டெல்லி