ஓ.டி.பி.யைச் சொல்லாவிட்டாலும் பணம் போகும்

ஆசிரியருக்கு,

போக்குவரத்து அபராத ரசீது என்று வாட்ஸ்அப்பில் வரும் போலி செயலி பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். ‘ஓ.டி.பி.யை யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற வழக்கமான எச்சரிக்கையோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த மோசடியில் யாரும் நம்மிடம் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. அந்தச் செயலி கேட்பது ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்ல உருவான வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வரும் வங்கிச் செய்தியைச் செயலியே படிக்கும், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். பிற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதியும் கிடைத்தால், ‘அப்டேட் ஆகிறது’ என்று ஒரு திரையைப் போர்த்திவிட்டு, அதன் அடியில் பணத்தை அனுப்பிவிடும்.

என் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் அப்படியொரு செயலியை நீக்க முயன்றபோது, செட்டிங்ஸ் பக்கம் திறந்த வேகத்தில் தானாகவே மூடிக்கொண்டது. நாம் நிறுவிய செயலிகள் இயங்காத ‘சேஃப் மோடில்’ போட்ட பிறகுதான் நீக்க முடிந்தது. ஆண்ட்ராய்டு 13 முதல், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலிக்கு இந்த அனுமதியைத் தரத் தடை உண்டு. சரி, அதை எப்படி விலக்குவது என்று மோசடிக்காரர்களே படம் போட்டுச் சொல்லித் தருகிறார்களே! எனவே அறிமுகமில்லாத செயலி ஒன்றிடம் இந்த அனுமதி இருந்தால், வங்கிச் செயலிகள் அதன் பெயரைக் காட்டி, பரிவர்த்தனையை நிறுத்திவைக்க வேண்டும். திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற செயலிகளை நம்பியிருக்கும் பார்வையற்றோருக்கு மட்டும் அது தடையாகிவிடக் கூடாது.

– வாசகர், மதுரை