பழைய தையல் மிஷினுக்கு உதிரிபாகம் கேட்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பழைய சிங்கர், பாபின் வேணும்" என்று போனில் சொன்னால் எங்களால் சரியான பாபினை எடுத்துத் தர முடிவதில்லை. ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே வளைவில் இருக்கும் மிஷின்களுக்குள் வேறு வேறு வேலைப்பாடு இருக்கிறது. அதனால் பெயரையும் பூ வேலையையும் பார்ப்பதற்கு முன்னால் ஊசிக்குக் கீழே பாருங்கள்.

ஊசித் தட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நீளத் தகடுகள் நகர்ந்து திறந்தால், உள்ளே தோட்டா மாதிரி ஷட்டிலும் அதற்குள் ஒல்லியான நீள பாபினும் இருக்கும். உருண்டை பாபின் என்றால், அது எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். மேலிருந்து போடுவது ஒரு வகை, இடது பக்கத்தில் கீழே கேஸோடு செருகுவது இன்னொரு வகை. நம் நாட்டில் செய்த உஷா முதலான கறுப்பு மிஷின்களில் நிறைய இந்த இரண்டாம் வகைதான்.

சமீபத்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மிஷின் வந்தது. வீட்டில் ஏற்கெனவே உருண்டை பாபின் வாங்கி வைத்திருந்தார்கள், அது பொருந்தவே இல்லை. இரண்டு தகடு, தோட்டா மாதிரி ஷட்டில், உடம்பில் எகிப்திய ஸ்பிங்க்ஸ் படம், முழு அளவு. ஆக சிங்கர் 27 வகை. பலகையின் வலது ஓரத்தில், கைச்சக்கரத்துப் பக்கம், அச்சடித்த எண் F என்று தொடங்கியது. அப்படியென்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1910களில் செய்தது. Y என்று தொடங்கியிருந்தால் 1920கள் அல்லது 1930களின் முற்பாதி. எழுத்தே இல்லாமல் எண் மட்டும் என்றால் 1900க்கு முந்தையது.

சிலர் பித்தளை முத்திரையில் 1851 என்று பார்த்துவிட்டு அதுதான் செய்த ஆண்டு என்று நினைக்கிறார்கள். நீல விளிம்பில் 1851-1951 என்று இருந்தால், அது கம்பெனியின் நூற்றாண்டு முத்திரை. மிஷின் 1951ஐ ஒட்டியது.

பூ வேலையை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள். இப்போது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். நகத்தால் மெல்லத் தடவினால் ஒட்டியதன் ஓரம் தட்டுப்படும். பழையது வார்னிஷுக்கு அடியில் இருப்பதால் தட்டுப்படாது. துணி உரசும் முன்பக்கப் பலகையில் பெயின்ட் தேய்ந்திருக்க, தங்கக் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தாலும் அது பிற்பாடு ஒட்டியதுதான். ஸ்டாண்டை நம்பியும் சொல்ல முடியாது, அதை மாற்றிப் போட்டவர்கள் ஏராளம்.

அழுக்கெடுக்க ஸ்பிரிட் தொடவே வேண்டாம். அந்த வார்னிஷ் அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரைந்து படமும் சேர்ந்து போய்விடும். பஞ்சில் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

அப்புறம், ஆர்டர் சொல்லும்போது எண்ணையும், தகட்டைத் திறந்து எடுத்த ஒரு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய பாபின் கையில் இருந்தால் அதையே கடைக்குக் கொண்டுவாருங்கள், அளவு பார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்,
திருநெல்வேலி டவுண்