சிலை இல்லாத பாறையில் சிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படத்தைப் பார்த்து விவரம் சொல்லும் செயலிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் இல்லாத பொருளை அவை இருப்பதாகச் சொல்வதற்கு 'கேமராவின் தெளிவுக் குறைவு' காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் படங்களுக்குக் குறிப்பு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஏஐ மாடல்கள் எழுதும் விவரங்களைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதே என் அன்றாட வேலை. அந்தக் காரணம் பெரும்பாலான நேரங்களில் பொருந்தாது. அதை நம்பி நடப்பவர்களுக்கு ஆபத்தும் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் அப்பா 1986-ல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் நின்று எடுத்தது. இடப்பக்கம் விவேகானந்தர் மண்டபம், வலப்பக்கம் அலையடிக்கும் ஒரு மொட்டைப் பாறை. திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1-ம் தேதி. ஆகவே அப்பாவின் படத்தில் அது இருக்க வழியே இல்லை. இந்தப் படத்தை ஸ்கேன் செய்து மாடலிடம் கொடுத்து விவரிக்கச் சொன்னேன். முதல் வரி சரியாக வந்தது: கடல், பாறை, விவேகானந்தர் நினைவு மண்டபம். இரண்டாம் வரியில், 'பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர் சிலை கம்பீரமாக நிற்கிறது' என்று எழுதிவிட்டது. மூன்றாம் வரியில் சிலையைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டது. படத்தில் படகும் இல்லை, ஆளும் இல்லை.

ஸ்கேன் மங்கலாக இருந்ததால் பாறையைச் சிலை என்று நினைத்துவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதைச் சோதிக்கப் படத்தின் வலது பாதியை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். 'கடல் நடுவே ஒரு பாறை, அதன் மேல் அலை மோதுகிறது' என்று துல்லியமாகச் சொன்னது. சிலையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதாவது பாறை மொட்டையாக இருப்பது அதற்குத் தெரியாமலில்லை. அடுத்து முழுப் படத்தையே எடுத்து, வலது பாதியைச் சாம்பல் நிறத்தால் மூடிக் கொடுத்தேன். இப்போது அங்கே பார்க்க எதுவுமே இல்லை. அப்படியும் திருவள்ளுவர் வந்தார். கடைசியாக, பாறையைத் திறந்துவிட்டு மண்டபத்தை மூடினேன். சிலை காணாமல் போனது. சிலையை வரவழைத்தது பாறை இல்லை, மண்டபம்தான் என்று அப்போது உறுதியாகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, மாடலின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை மாடலில் நாம் கொடுக்கும் படம் முதலில் 336-க்கு 336 புள்ளி அளவுக்குச் சுருக்கப்படுகிறது. பிறகு 14 புள்ளிப் பக்கமுள்ள சதுரங்களாக வெட்டப்படுகிறது. வரிசைக்கு 24 வீதம் 24 வரிசை, மொத்தம் 576 சதுரம். ஒவ்வொரு சதுரமும் எண்களின் வரிசையாக மாறி, எழுதும் பகுதியிடம் போய்ச் சேர்கிறது. இதுவரை நடப்பது கண்ணின் வேலை. அதன் பிறகு எழுதும் பகுதி ஒவ்வொரு துண்டாகச் சொல்லைப் போடுகிறது. அடுத்த துண்டு எது என்று முடிவு செய்யும்போது அது இரண்டைப் பார்க்கிறது: ஒன்று அந்த 576 சதுரம், மற்றொன்று தான் இதுவரை எழுதி வைத்த வரி.

எங்கள் அலுவலகத்தில், ஒவ்வொரு இடத்திலும் எந்தெந்தத் துண்டுகள் போட்டியில் நின்றன என்று பார்க்க முடியும். 'பக்கத்துப் பாறையில்' என்று எழுதி முடித்த இடத்தில் போய்ப் பார்த்தேன். முதல் இடத்தில் 'திரு' நின்றது, இரண்டாவதாக 'அலை'. வித்தியாசம் ரொம்பப் பெரிதில்லை. ஆனால் 'திரு' ஒரு தடவை விழுந்துவிட்டால் அடுத்துப் போட்டி என்று எதுவும் இல்லை. 'வள்ளுவர்' வந்தே தீரும், அவருக்குப் பின்னால் 'சிலை'. சிலை வந்துவிட்டால் அதைப் பார்க்க ஆள் வேண்டும், ஆள் போகப் படகு வேண்டும். எழுதியதை அழிக்கும் வசதி அதற்குக் கிடையாது. தான் எழுதியது உண்மை என்று எடுத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போகிறது. நீளமான விவரங்களில் பிற்பகுதியில்தான் இல்லாத பொருள்கள் கூடுதலாக வரும் என்பதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். என் வேலையில் தினமும் பார்ப்பதும் அதுதான். முதல் இரண்டு வரியில் கை வைக்கத் தேவையிருக்காது, ஐந்தாம் வரிக்குப் பிறகு சிவப்புக் கோடு போடாமல் முடியாது.

'திரு' ஏன் முதல் இடத்துக்கு வந்தது? பயிற்சிக்குக் கொடுத்த படங்களும் குறிப்புகளும்தான் காரணம். கன்னியாகுமரிப் படம் என்றால் மண்டபமும் சிலையும் ஜோடியாகத்தான் வரும். இரண்டு பாறைக்கும் நடுவில் இப்போது 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வேறு வந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் யோசிப்பதில்லை. படத்துக்குக் குறிப்பு எழுதுகிற யாரும் 'இங்கே சிலை இல்லை' என்று எழுத மாட்டார்கள். நானும் எழுதியதில்லை. இருப்பதைத்தான் எழுதுவோம். ஆகவே 'இல்லை' என்று சொல்ல மாடலுக்குக் கிடைக்கும் பயிற்சி மிகக் குறைவு. போதாததற்கு, 2023-ல் வெளிவந்து பலரும் பின்பற்றிய ஒரு பயிற்சித் தொகுப்பின் நீண்ட விவரங்களை எழுதியதே படத்தைப் பார்க்காத இன்னொரு மொழி மாடல்தான். சிறு குறிப்புகளும், பொருள்கள் படத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற எண்களும் மட்டுமே அதன் கையில் இருந்தன. மீதியை அதுவே நிரப்பிக்கொண்டது. அதைப் படித்து வளர்ந்த மாடலும் நிரப்பத்தானே செய்யும்?

நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் எடுத்த படங்களிலும் இதே கதைதான். இலை போட்டு, சோறும் பருப்பும் அவியலும் பப்படமும் வைத்திருக்கும். கையால்தான் சாப்பிடுகிறார்கள். விவரத்தில் மட்டும் இலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வந்துவிடும். அதன் பயிற்சியில் சோற்றுக்குப் பக்கத்தில் ஸ்பூன் இருந்த படங்கள் அவ்வளவு.

நான் பார்த்தவரை இரண்டு வகைத் தவறு உண்டு. ஒன்று, ஒரு பொருளை வேறொன்றாகப் பார்ப்பது: தூரத்துக் கலங்கரை விளக்கத்தைக் கோபுரம் என்று சொல்வது போல. இதற்குத்தான் கட்டுரையாளர் சொன்ன தெளிவுக் குறைவு காரணமாக இருக்கலாம். கிட்டப் போய் எடுத்தால் சரியாகிவிடும். மற்றொன்று, எதையும் பார்க்காமலே பழக்கத்தால் சொல்வது. கேமராவை மாற்றினாலும் இது சரியாகாது. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க வழி எளிது. அந்தப் பொருள் இருப்பதாகச் சொன்ன இடத்தை மட்டும் மூடிவிட்டு மறுபடி கேளுங்கள். மூடியதும் பொருள் மறைந்துவிட்டால், அங்கே எதையோ பார்த்துத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. மூடிய பிறகும் அதையே சொன்னால் அது பார்த்துச் சொன்னதில்லை.

இதைத் தடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஒரு முறையில் அதே கேள்வியை இரண்டு தடவை ஓட்டுகிறார்கள், ஒரு தடவை நல்ல படத்தோடு, மறு தடவை வேண்டுமென்றே கலங்கடித்த படத்தோடு. கலங்கிய படத்திலும் அதே வேகத்தில் முன்னால் வரும் சொல் படத்திலிருந்து வந்ததில்லை என்று அதன் மதிப்பைக் குறைத்துவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வேலை இரண்டு மடங்கு ஆகிறது. இன்று எடுத்த படத்தில் வள்ளுவர் உண்மையாகவே நிற்கும்போதும், கலங்கிய படத்தைப் பார்த்தும் மாடல் வள்ளுவர் என்றுதான் சொல்லும். அப்போது உண்மையின் மதிப்பிலும் கொஞ்சம் கழிந்துவிடும்.

இவ்வளவு விரிவாக எழுத என் சித்தப்பாதான் காரணம். குளச்சலில் இருக்கிறார், சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. போனில் படமெடுத்துக் கேட்டுக் கேட்டுத் தனியாக நடமாடப் பழகியிருந்தார். போன மாதம் ஒரு உறவினர் வீட்டு மாடிப்படி அருகே நின்று, 'படியில் கைப்பிடி இருக்கிறதா?' என்று கேட்டார். 'ஆம், வலப்பக்கம் கைப்பிடிக் கம்பி இருக்கிறது' என்று பதில் வந்தது. கையை நீட்டியவருக்குக் கிடைத்தது காற்று. சித்தி சட்டென்று தோளைப் பிடித்ததால் விழவில்லை. "கம்பி உண்டுன்னு சொல்லிச்சே மக்களே, கம்பி எங்க?" என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் படத்தை வாங்கி அதே சோதனையைச் செய்தேன். வலப்பக்கத்தை மூடினேன், அப்போதும் 'ஆம்'. 'படியில் பூந்தொட்டி இருக்கிறதா?' என்று கேட்டேன், அதற்கும் 'ஆம்'. 'படியில் யானை இருக்கிறதா?' என்றதற்கு மட்டும் 'இல்லை'. படியோடு சேர்ந்து வரக்கூடிய பொருளைக் கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது, சேராத பொருளுக்குத்தான் தயங்குகிறது. 2023-ல் வந்த ஓர் ஆய்வு இப்படி ஆம்-இல்லை கேள்விகளாகவே கேட்டுப் பல மாடல்களைச் சோதித்தது. அடிக்கடி சேர்ந்து வரும் பொருள்களைப் பற்றிக் கேட்டபோதுதான் அவை கூடுதலாகத் தவறின.

ஆகவே 'இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்' என்று உங்கள் கட்டுரை பார்வையற்ற வாசகர்களுக்குச் சொன்ன யோசனையை அடுத்த இதழில் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பொருளின் பெயரைக் கேள்விக்குள் வைத்தாலே பாதிப் பதிலை நாமே கொடுத்தது போலாகிவிடும். இடத்தைச் சொல்லி, அங்கே என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். படமும் அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பதில் சுருக்கமாகப் போதும் என்றும் சொல்லிவிட வேண்டும். கால் வைக்கும் இடத்துக்கும் கை பிடிக்கும் இடத்துக்கும் இதுவும் போதாது, அங்கே கோலால் தட்டிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

சித்தப்பா இப்போது கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "படிக்கு வலப்பக்கம் என்ன தெரியுது?" என்றுதான் கேட்கிறார். அதே படியில் திரும்பவும் படமெடுத்துக் கேட்டபோது, 'வெள்ளைச் சுவர், கீழே பெயிண்ட் உரிந்திருக்கிறது' என்று பதில் வந்தது. சுவரைத் தடவிப் பார்த்தார். உரிந்துதான் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நாகர்கோவில்