பண்டாரவளைக் கிளைக்குக் கையெழுத்திடும் முன்: எங்கள் இணையவழி வகுப்புகளின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், என்னைப் போலப் பங்குப் பணம் போட்ட ஏனைய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மார்ச் மாத அறிக்கையை ஹட்டன் கூட்டத்தில் வாசித்தபோது, "நம்முடைய விரைவு விகிதம் 4.5. உலக அளவில் 4 இருந்தாலே ஆரோக்கியம்" என்று சொன்னீர்கள். கைதட்டினோம், நானும் தட்டினேன். அந்த எண்ணை நம்பித்தான் பண்டாரவளையில் இரண்டாவது ஸ்டூடியோவுக்கு இடம் வாடகைக்கு எடுக்கப் போவதாகவும் அறிவித்தீர்கள். வீட்டுக்கு வந்து வங்கிக் கூற்றோடு அறிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை. அதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவதுதான் சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் பணம் எல்லோருடையது.

இந்த விகிதம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கியலில் படித்த விரைவு விகிதம் வேறு. அது கையிலுள்ள பணத்தையும் உடனே பணமாகக்கூடியவற்றையும் குறுகிய காலக் கடனோடு ஒப்பிடுவது. சந்தாத் தொழிலில் அதே பெயரை இரவல் வாங்கியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் புதிய சந்தாக்களால் வந்த தொகையையும், பழைய சந்தாதாரர் கூடுதலாகக் கட்டத் தொடங்கிய தொகையையும் கூட்டி, விலகியவர்களால் போன தொகையும் சந்தாவைக் குறைத்துக்கொண்டவர்களால் போன தொகையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 1 என்றால் வந்ததும் போனதும் சமம். 1க்குக் கீழே போனால் சுருங்குகிறோம். 4 என்றால் இழந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நான்கு ரூபாய் வந்திருக்கிறது. அந்த 4 என்ற அளவுகோலைப் பரவலாக்கியவர் மமூன் ஹமீத் என்ற அமெரிக்க முதலீட்டாளர். வெளி முதலீட்டில் வேகமாக வளரும் மென்பொருள் நிறுவனங்களை எடைபோட அவர் அதைப் பயன்படுத்தினார்.

இனி நம்முடைய மார்ச் மாதம். மாதத் தொடக்கத்தில் நமது மாதச் சந்தா 6 இலட்சம் ரூபாய். ஒரு பிள்ளையிடம் மாதத்துக்கு வாங்குவது கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய், ஒரு பாடத்துக்கு மட்டும் என்றால் 500. அறிக்கையின்படி 80 புதிய பிள்ளைகளால் 96,000. ஒரு பாடத்திலிருந்து மூன்றுக்கு மாறிய 30 பேரால் 21,000. ஆக வரவு 117,000. விலகியவர்களால் இழப்பு 26,000. வகுத்தால் 4.5. வகுத்தலில் பிழையில்லை.

பிழை அந்த 80 பேரில் இருக்கிறது. நாம் சந்தாவை முதலாம் திகதி கேட்கிறோம். ஐந்தாம் திகதிக்குள் கட்டாத பிள்ளைக்கு வகுப்பு தானாகவே அடைபடுகிறது. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி வாக்கில்தான் கைக்கு வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பதினோராம், பன்னிரண்டாம் திகதிகளில் அம்மாவோ அப்பாவோ டவுனுக்கு வந்து பணம் கட்டியதும், நமது பதிவு அந்தப் பிள்ளையைப் "புதிய சந்தா" என்று எழுதிக்கொள்கிறது. பெயர்ப் பட்டியலைப் பிப்ரவரிப் பட்டியலோடு ஒப்பிட்டேன். 80 பேரில் 45 பேர் ஏற்கெனவே நம்மிடம் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் கட்டிய 54,000 வளர்ச்சியே இல்லை. அவர்கள் போனதாக இழப்பில் எழுதவும் இல்லை, ஆனால் வந்ததாக வரவில் எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது, 20 குடும்பங்கள் மூன்று பாடத்திலிருந்து கணிதத்துக்கு மட்டும் இறங்கியிருக்கின்றன. தலைக்கு 700 வீதம் 14,000 குறைவு. பிள்ளை இன்னும் நம்மிடம் இருப்பதால் அது இழப்பில் சேர்க்கப்படவில்லை. மூன்றாவது, மார்ச் 31 வரை கட்டாத 10 பேரின் 12,000 "நிலுவை" என்ற தலைப்பில் இழப்புக்கு வெளியே நிற்கிறது. வகுப்புக்கும் வராமல் பணமும் கட்டாமல் ஒரு மாதம் முழுதும் போனால் அது இழப்புத்தான். ஏப்ரலில் திரும்பி வந்தால், "திரும்பியவர்" என்று தனி வரியில் எழுதலாம்.

திருத்தினால் வரவு 63,000, இழப்பு 52,000, விகிதம் சுமார் 1.2.

என் கணக்கை நம்பத் தேவையில்லை. சோதிக்க எளிய வழி உண்டு. தொடக்கச் சந்தாவோடு வரவைக் கூட்டி, இழப்பைக் கழித்தால் மாத முடிவின் சந்தா வர வேண்டும். அறிக்கையின்படி அது 691,000 ஆக இருக்க வேண்டும். நாம் மாதாமாதம் மட்டுமே பணம் வாங்குவதால், சந்தாவாக வங்கிக்கு வந்த தொகையும் ஏறக்குறைய அதுவாகவே இருக்க வேண்டும். வந்தது 611,000. இடையிலுள்ள 80,000ஐ மேலே சொன்ன மூன்றும் அப்படியே நிரப்புகின்றன. (தவணைக்கு ஒருமுறை முன்பணம் வாங்கும் வகுப்புகளில் இந்தச் சோதனை இப்படி நேராகப் பொருந்தாது. அங்கே தொகையை மாதங்களுக்குப் பிரித்த பிறகுதான் பார்க்க வேண்டும்.)

சரி, உண்மையிலேயே 4.5 வந்திருந்தால் பண்டாரவளைக்குப் போகலாமா? அதிலும் எனக்குத் தயக்கம்தான். இந்த விகிதம் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை, ஊற்றுவது ஓட்டையைவிட எத்தனை மடங்கு என்பதை மட்டுமே சொல்கிறது. 6 இலட்சத்தில் 52,000 போவதென்றால் மாதத்துக்கு 8.7 சதவீதம். இதே வேகத்தில் ஒரு வருடம் போனால், இன்றிருக்கும் சந்தாவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த ஓட்டையை வைத்துக்கொண்டு 4ஐ எட்ட வேண்டுமானால் மாதாமாதம் 208,000 ரூபாய்க்குப் புதுச் சந்தா பிடிக்க வேண்டும். அதாவது மூன்று பாடமும் எடுக்கும் 170க்கு மேற்பட்ட புதுப் பிள்ளைகள், ஒவ்வொரு மாதமும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இந்த மலைகளில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்! அப்புறம், சந்தா பெருகப் பெருக இழப்பும் அதே சதவீதத்தில் பெருகும், புதிதாக வருபவர்கள் அப்படிப் பெருகமாட்டார்கள். அதனால் எந்தச் சந்தாத் தொழிலிலும் இந்த விகிதம் காலப்போக்கில் இறங்கவே பார்க்கும்.

இன்னொன்று. பரீட்சை முடிந்த மாதம் ஒரு வகுப்பே மொத்தமாக விலகும். அந்த மாதம் விகிதம் 1க்கு வெகு கீழே போனாலும் அது யாருடைய குறையுமில்லை. ஆகவே ஒரு மாத எண்ணைக் கூட்டத்தில் வாசிக்காமல், பன்னிரண்டு மாத வரவையும் பன்னிரண்டு மாத இழப்பையும் தனித்தனியாகக் கூட்டி வகுத்துச் சொல்லுங்கள். மாத இழப்பு விகிதத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சந்தாவைக் குறைத்துக்கொண்ட 20 குடும்பங்களில் ஆறு குடும்பங்களோடு நானே பேசினேன். நால்வர் சொன்னது ஒரே காரணம். வீட்டில் ஒரு ஃபோன்தான், மூன்று பாடத்துக்கும் டேட்டா ரீலோட் போடக் கட்டுப்படியாகவில்லை. பாடங்களைச் சிறிய அளவு வீடியோவாகவும் அச்சுத் தாளாகவும் கொடுக்கப் பண்டாரவளை ஸ்டூடியோவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே போதும். வாடகை ஒப்பந்தத்தை ஏப்ரல் கணக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். மார்ச் அறிக்கையைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். சந்தாத் திகதியைப் பதினைந்தாம் திகதிக்கு மாற்றுங்கள். பணம் வரப்போகிறது என்று தெரிந்தும் அந்த 45 பிள்ளைகளை ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பெயர் ஒப்பீட்டுத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். பொருளாளர் விரும்பினால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கலாம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு பங்கு உறுப்பினர்